ஜூனியர் வேலைக்குச் சீனியர் விண்ணப்பித்தால் எப்படிச் சொல்வது, எப்படித் தொடர்பில் வைப்பது

ஹெச்.ஆர். வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், சின்னக் கம்பெனியில் அட்மின் வேலையோடு ஆள் எடுக்கும் பொறுப்பும் தலையில் விழுந்தவர்களுக்கும் எழுதுகிறேன். தகுதி போதாதவரிடம் 'இல்லை' என்று சொல்ல எல்லாரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறோம். தகுதி அதிகமாக இருப்பவரிடம் சொல்லத்தான் நாக்கு புரளாது, அதனால் பலர் பதிலே போடாமல் விட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் 'உங்க ப்ரொஃபைல் ரொம்ப ஹை சார்' என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பதினைந்து வருடம் வேலை பார்த்தவர் அதைப் படித்தால் அவருக்கு என்ன புரியும்? ஒன்றும் புரியாது.

பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அறுபது பேர் வேலை பார்க்கும் ஒரு மெஷினிங் கம்பெனி. அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் தேவை, அனுபவம் 1 முதல் 3 வருடம், சம்பளம் மாதம் 22 முதல் 25 ஆயிரம். பர்ச்சேஸ் பில்களை டேலியில் ஏற்ற வேண்டும், மாதம் 14-ம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் பர்ச்சேஸ் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யோடு அதை ஒப்பிட வேண்டும், இ-வே பில் போட வேண்டும், பேங்க் ரீகன்சிலியேஷன் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் பண்ண வேண்டியது 29 வயது சீனியர் அக்கவுண்டன்டுக்கு. இதற்கு விண்ணப்பித்திருப்பவரோ ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். 14 வருட அனுபவம், கீழே நான்கு பேர், சம்பளம் 70 ஆயிரம், வீடு கொரட்டூர்.

போன் எடுப்பதற்கு முன்

உங்கள் கம்பெனியின் முடிவு என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அக்கவுண்ட்ஸ் ஹெட்டிடம் போய், "இவரை இந்த வேலைக்கு எடுப்போமா, மாட்டோமா?" என்று நேராகக் கேளுங்கள். 'பார்க்கலாம்' என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை, அவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுங்கள். 'இந்த இடத்துக்கு வேண்டாம்' என்றால் ஏன் என்றும் கேளுங்கள். இரண்டு வருடத்தில் மூன்று கம்பெனி மாறியிருக்கிறார் என்பதுதான் உண்மையான தயக்கம் என்றால், 'அனுபவம் அதிகம்' என்ற போர்வையைப் போர்த்தாதீர்கள். அவர் "சரி, சம்பளம் குறைச்சு வாங்கிக்கறேன், வேலையும் எல்லாம் செய்வேன்" என்று சொல்லிவிட்டால் நீங்கள் சொன்ன காரணம் காலியாகிவிடும், அப்புறம் முழிக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட சமயத்தில் வழக்கமான 'இந்த முறை தேர்வாகவில்லை' மெயிலே போதும்.

இன்னொன்றும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்: அடுத்த ஒரு வருடத்தில் அக்கவுண்ட்ஸில் சீனியர் இடம் ஏதாவது வர வாய்ப்பு உண்டா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் 'டச்ல இருங்க சார்' என்று சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் 'அப்புறம் பார்க்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும், நீங்கள் சொல்லும் 'டச்ல இருங்க'வும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும்.

நம் கேஸில் அக்கவுண்ட்ஸ் ஹெட் சொன்ன பதில்: அவரே அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார், அவர் இடத்துக்கு ஆள் தேவைப்படலாம், ஆனால் ஏப்ரலில் புது வருட பட்ஜெட் போடும்போதுதான் முதலாளி முடிவு செய்வார். நல்ல செய்திதான், ஆனால் இதை வெளியில் சொல்லக் கூடாது. அம்பத்தூர் எஸ்டேட் பெரிய இடம் மாதிரி தெரியும், பேச்சு பரவும் வேகத்தில் ஒரு தெரு அளவுதான். ஹெட் ஓய்வு பெறும் விஷயம் அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் விண்ணப்பதாரரிடம் சொல்லக்கூடியது, 'சீனியர் பொறுப்புகள் பற்றி ஏப்ரலில் முடிவாகும்' என்பது வரைக்கும்தான்.

எப்போது கூப்பிடுவது

விண்ணப்பம் வந்த இரண்டு மூன்று வேலை நாட்களுக்குள். இன்டர்வியூவுக்கு வரவழைத்து, ஒரகடத்திலிருந்து அவர் அரை நாள் லீவு போட்டு வந்து, ரிசப்ஷனில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு 'இது ஜூனியர் ரோல் சார்' என்று சொல்வதைவிட மோசமான விஷயம் இந்த வேலையில் குறைவு.

அக்கவுண்ட்ஸ்காரர்களுக்கு மாதத்தில் சில தேதிகள் ஆகாது. 7-ம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும், 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்று ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள் போட வேண்டும். 19-ம் தேதி சாயங்காலம் ஒரு அக்கவுண்ட்ஸ் மேனேஜரைக் கூப்பிட்டு நிதானமாகப் பேச முடியாது. 21-க்கு மேல் மாதக் கடைசிக்குள் கூப்பிட்டால் நல்லது. அதற்காக விண்ணப்பம் 12-ம் தேதி வந்தால் 21 வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று இல்லை, 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, 21-ம் தேதி சாயங்காலம் கூப்பிடட்டுமா?' என்று ஒரு மெசேஜ் போட்டுவிடலாம். இப்போது வேலையில் இருப்பவர் என்பதால் ஆபீஸ் நேரத்தில் வேண்டாம். சாயங்காலம் கூப்பிட்டாலும் அவர் கம்பெனி பஸ்ஸில் சக ஊழியர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கக்கூடும், அதனால் எடுத்ததும் "இப்ப பேச முடியுமா சார், இல்ல வீட்டுக்குப் போனப்புறம் கூப்பிடட்டுமா?" என்று கேளுங்கள்.

போனில் என்ன சொல்வது

வேலையை முதலில் சொல்லுங்கள், உங்கள் முடிவைப் பிறகு சொல்லுங்கள். இது ஏன் என்றால், வேலை தேடும் தளங்களில் ஒரு பட்டனைத் தட்டினால் விண்ணப்பம் போய்விடுகிறது, நிறையப் பேர் விளம்பரத்தின் தலைப்பைத் தாண்டிப் படிப்பதில்லை. 'அக்கவுண்ட்ஸ், அம்பத்தூர்' என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கலாம். வேலை இன்னதென்று தெரிந்ததும் அவரே 'ஓ, அப்படியா, இது எனக்கு சரிவராதே' என்று சொல்லிவிட்டால், அவர் விலகிக்கொண்டதாகப் பேச்சு முடிகிறது, யாரும் யாரையும் நிராகரிக்கவில்லை. அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுங்கள்.

நம் கேஸில் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"சார் வணக்கம், அம்பத்தூர் எஸ்டேட்ல இருந்து பேசுறேன், நீங்க அக்கவுண்ட்ஸ் வேலைக்கு அப்ளை பண்ணியிருந்தீங்க. உங்க ரெஸ்யூமே முழுசா படிச்சேன். நாங்க எடுக்கறது அசிஸ்டென்ட் லெவல் சார். பில் என்ட்ரி, டூ-பி மேட்சிங், இ-வே பில், பேங்க் ரீகோ, இவ்வளவுதான் வேலை. சீனியர் அக்கவுண்டன்ட்டுக்கு ரிப்போர்ட் பண்ணணும். சம்பளம் இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல போகாது."

இங்கே நிறுத்துங்கள். கஷ்டமான இடம் இதுதான். மௌனம் வந்ததும் புதியவர்கள் பதறிப்போய் 'ஆனா சார் உங்க எக்ஸ்பீரியன்ஸ் சூப்பர் சார்' என்று நிரப்ப ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டாம். அவர் பேசட்டும்.

அவர் சொல்கிறார்: "தெரியும்மா, பார்த்துட்டுதான் போட்டேன். தினமும் ஒரகடம் போயிட்டு வர்றது முடியல. காலைல ஆறே காலுக்கு பஸ் ஏறினா ராத்திரி எட்டரை ஆகுது. அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை. கொரட்டூர்ல இருந்து பட்டரவாக்கம் அடுத்த ஸ்டேஷன். சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லைன்னுதான்."

நியாயமான காரணம். ரெஸ்யூமேயில் இது எந்த மூலையிலும் இருந்திருக்காது, போன் போட்டதால்தான் தெரிந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர், பிள்ளை வளர்ந்ததும் வேலைக்குத் திரும்பும் பெண், கம்பெனி மூடியதால் நிற்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்ட பிறகு உங்கள் கம்பெனியின் முடிவே மாறலாம் என்றால் ஹெட்டிடம் மறுபடி ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள், அதில் தப்பில்லை. மாறாது என்றால் அந்தக் காரணத்தோடு வாதாடாதீர்கள். 'நீங்க சீக்கிரம் விட்டுட்டுப் போயிடுவீங்க சார்' என்று சொன்னால் அவர் நேர்மையைச் சந்தேகிப்பதாகத்தான் கேட்கும், அதோடு அவர் 'போக மாட்டேன்' என்று சொன்னால் உங்களிடம் பதிலும் கிடையாது.

காரணம் அந்த வேலையின் மேல் இருக்கட்டும், ஆளின் மேல் வேண்டாம். "புரியுது சார். ஆனா இந்த இடத்துக்கு மேல இன்னொரு படி இப்ப எங்ககிட்ட இல்லை. ரெண்டு வருஷத்துக்கு இதே என்ட்ரி வேலைதான், சம்பளமும் அந்த ஸ்லாப்லயேதான் நிக்கும். அதனால இந்த இடத்துக்கு ஒண்ணு ரெண்டு வருஷ அனுபவம் உள்ளவரைத்தான் எடுக்கறதா முடிவு பண்ணியிருக்கோம்." அவர் மறுக்க முடியாத, ஆனால் அவரைக் குறை சொல்லாத காரணம் இது. 'முடிவு பண்ணியிருக்கோம்' என்ற வார்த்தை கட்டாயம் வர வேண்டும். மென்மையாகச் சொல்கிறேன் என்று 'கொஞ்சம் கஷ்டம்தான் சார்' என்று நிறுத்தினால், அடுத்த திங்கட்கிழமை அவர் 'ஏதாவது அப்டேட் இருக்காம்மா?' என்று கேட்பார், அவர் மேல் தப்பே இல்லை.

ஒரு விஷயத்தை வேண்டுமானால் ஒரே ஒரு தடவை சொல்லலாம். அடுத்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கடைசி மூன்று மாத பே-ஸ்லிப்பைக் கேட்பார்கள், அதன் மேல் இத்தனை சதவீதம் என்றுதான் புதுச் சம்பளம் போடுவார்கள். 70 ஆயிரத்திலிருந்து 25 ஆயிரத்துக்கு இறங்கியவர் பிறகு பழைய இடத்துக்கு ஏறுவது சுலபமில்லை. நிறையப் பேருக்கு இது அந்த நேரத்தில் தோன்றாது. ஆனால் அவர் 14 வருடம் கணக்குப் பார்த்தவர், உங்களைவிட அவருக்குக் கணக்குத் தெரியும், அதனால் பாடம் எடுக்க வேண்டாம்.

வாயில் வரக் கூடாதவை

வயது. 'எங்க டீம் எல்லாம் யங் டீம் சார்' என்பதும் வயதைச் சொல்வதுதான். சீனியர் அக்கவுண்டன்டுக்கு 29 வயது என்பதையும் சொல்லத் தேவையில்லை, பதவியைச் சொன்னால் போதும்.

'உங்களுக்கு இது போரடிச்சிடும்.' அவருக்கு எது போரடிக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்? தினமும் நான்கு பேரையும் ஆடிட்டரையும் சமாளித்துக் களைத்தவருக்கு அமைதியாக பில் ஏற்றுவது சொர்க்கமாகக்கூட இருக்கலாம்.

'நீங்க வேற லெவல் சார், இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?' பாராட்டு மாதிரி இருக்கும், வேலை தேடுகிறவர் காதில் அது கிண்டலாகத்தான் விழும். ரெஸ்யூமேயில் உண்மையிலேயே ஒன்று பிடித்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். 'ஜி.எஸ்.டி. வந்த 2017-ல மாற்றத்தை முழுக்க நீங்கதான் பார்த்திருக்கீங்கன்னு போட்டிருந்தீங்க, அந்த அனுபவம் எங்க ஹெட்டுக்குப் பிடிச்சிருந்தது' என்றால் நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

தொடர்பில் இருங்கள் என்பதை எப்படிச் சொல்வது

என்ன மாதிரி இடம், எப்போது, யார் யாரைக் கூப்பிடுவது. இந்த மூன்றும் சொன்னால்தான் அது அழைப்பு. நம் கேஸில்:

"அக்கவுண்ட்ஸ்ல பொறுப்பான இடம் ஏதாவது வருமான்னு ஏப்ரல்ல புது பட்ஜெட் போடும்போது தெரியும் சார். வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. ஏப்ரல் கடைசி வாரம் நானே கூப்பிட்டு, இருக்கா இல்லையான்னு சொல்றேன். அதுவரைக்கும் உங்க ரெஸ்யூமே எங்ககிட்ட இருக்கட்டுமா? நடுவுல உங்களுக்கு வேற இடம் கிடைச்சா ஒரு மெசேஜ் போட்டா போதும்."

ஏப்ரல் கடைசி வாரம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மார்ச் முழுக்க அவருக்கும் உங்கள் ஹெட்டுக்கும் வருடக் கணக்கு முடிக்கும் வேலை, ஏப்ரல் 20-ல் மறுபடி 3பி. அது தாண்டினால்தான் இரண்டு பக்கமும் மூச்சு விடும். இன்னொரு கணக்கும் பாருங்கள்: பெரிய கம்பெனி மேனேஜர்களுக்கு நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 90 நாள். ஆகஸ்டில் ஆள் நாற்காலியில் உட்கார வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசியில் பேச்சைத் தொடங்கினால்தான் சரியாக வரும். ஜூலையில் ஞாபகம் வந்து கூப்பிட்டால் நவம்பரில்தான் வருவார்.

சீனியர் இடம் வர வாய்ப்பே இல்லை என்று ஹெட் சொல்லியிருந்தால்? தொடர்பில் இருங்கள் என்று சொல்லாதீர்கள். "இப்போதைக்கு உங்க லெவல்ல எங்ககிட்ட எதுவும் வர்ற மாதிரி தெரியல சார், உங்களைக் காத்திருக்க வைக்க விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டால் அவர் வேறு இடம் பார்ப்பார். எஸ்டேட்டில் தெரிந்த வேறு கம்பெனி அவர் அளவில் ஆள் தேடுகிறது என்றால், அவரைக் கேட்டுவிட்டு அவர் நம்பரைக் கொடுக்கலாம். கேட்காமல் கொடுக்கக் கூடாது, அவர் வேலை தேடும் விஷயம் ஒரகடத்துக்குப் போய்விட்டால் பாதிப்பு அவருக்குத்தான்.

போனுக்குப் பிறகு ஒரு மெயில்

அன்றைக்கே அனுப்புங்கள். பெரும்பாலான ஆபீஸ்களில் இது ஆங்கிலத்தில்தான் போகும், விஷயம் இதுதான்:

'வணக்கம் சார். இன்று பேசியதற்கு நன்றி. நாங்கள் இப்போது நிரப்புவது 1 முதல் 3 வருட அனுபவத்துக்கான அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் இடம் என்பதால், இந்த இடத்துக்கு உங்கள் விண்ணப்பத்தை மேற்கொண்டு எடுத்துச் செல்லவில்லை. அக்கவுண்ட்ஸில் சீனியர் பொறுப்புகள் குறித்து ஏப்ரலில் முடிவாகும். இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏப்ரல் கடைசி வாரத்தில் உங்களை அழைக்கிறேன். போனில் நீங்கள் சம்மதித்தபடி உங்கள் ரெஸ்யூமேயை இதற்காக மட்டும் ஏப்ரல் இறுதி வரை வைத்திருப்போம். வேண்டாம் என்றால் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கள், நீக்கிவிடுகிறோம்.'

அம்மாவின் உடம்பு, பஸ் நேரம் எதுவும் இதில் வரக் கூடாது. அது அவர் நம்பிச் சொன்னது, மெயில் நான்கு பேருக்கு ஃபார்வர்ட் ஆகும். ரெஸ்யூமே வைத்திருப்பது பற்றிய வரி சும்மா மரியாதைக்கு இல்லை. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தின் பேரில் வாங்கும் தகவலை எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. ஒரு வேலைக்கு வந்த ரெஸ்யூமேயை இன்னொரு வேலைக்காக வைத்திருக்கக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

கன்சல்டன்சி வழியாக வந்த ஆள் என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும், அவர்கள் அனுப்பிய ஆளை ஆறு மாதத்துக்குள்ளோ ஒரு வருடத்துக்குள்ளோ வேறு எந்த இடத்துக்கு எடுத்தாலும் அவர்களுக்கு ஃபீஸ் உண்டு என்று ஒரு வரி இருக்கும். நேராக அவருக்குப் போன் போட்டுத் தொடர்பு வைத்துக்கொண்டு, பிறகு எடுத்துவிட்டால் பில் வரும், கூடவே சண்டையும் வரும். முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள், கன்சல்டன்சிக்கும் அதே காரணத்தைச் சொல்லி வையுங்கள். உள்ளே வேலை பார்க்கும் யாராவது 'நமக்குத் தெரிஞ்சவர்' என்று சொல்லி வந்தவராக இருந்தால் வரிசையை மாற்றாதீர்கள்: விண்ணப்பித்தவரிடம் முதலில் சொல்லுங்கள், அப்புறம்தான் சிபாரிசு செய்தவரிடம். கேண்டீனில் மூன்றாம் ஆள் வழியாக அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால் நீங்கள் மென்மையாகப் பேசத் தயார் செய்ததெல்லாம் வீண்.

ஏப்ரல்

பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், ஒரு எக்செல் ஷீட் போதும். பெயர், எந்த வேலைக்கு வந்தார், எந்த மாதிரி இடம் சரிவரும், நோட்டீஸ் எத்தனை நாள், என்ன சொல்லியிருக்கிறோம், எந்தத் தேதி கூப்பிட வேண்டும். கடைசிக் கட்டத்தைப் போன் காலண்டரிலும் போட்டுவிடுங்கள், நீங்களே வேலை மாறிவிட்டால் அடுத்து வருபவர் கையில் ஷீட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஏப்ரல் 22 வாக்கில் ஹெட்டிடம் கேட்டுவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். இடம் இருந்தால் நல்லது, ஆனால் அப்போதும் நேராக ஆஃபர் பேச்சுக்குப் போகாதீர்கள், இன்னும் ஒரகடத்தில்தான் இருக்கிறாரா, அதே எண்ணத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இடம் இல்லாவிட்டால் "கூப்பிடறேன்னு சொல்லியிருந்தேன் சார், இந்த வருஷம் புது இடம் எதுவும் போடல" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். மறுபடியும் அக்டோபரில், அப்புறம் ஜனவரியில் என்று இழுக்காதீர்கள். அவர் "வெச்சுக்கோங்கம்மா" என்றால் இன்னும் ஒரு வருடம் வரை, அதற்கும் ஒரு தேதி போட்டு. வேண்டாம் என்றால் அன்றைக்கே ஷீட்டிலிருந்து அந்த வரியையும் மெயிலிலிருந்து ரெஸ்யூமேயையும் அழித்துவிடுங்கள்.